முடிச்சோடு எட்டுக் கஜமா, அவிழ்த்து எட்டுக் கஜமா

மதுரை பந்தடித் தெருவில் துளசிராமைத் தெரியாதவர்கள் கிடையாது. நடக்கும்போதுகூட ஓடுகிற மாதிரிதான் இருப்பார். பேச ஆரம்பித்தால் கைகள் முதலில் பேசும், வாய் பின்னால் வரும். ரயில்வே கூட்ஸ் ஷெட்டில் ஏழெட்டு வருஷம் குமாஸ்தாவாக இருந்துவிட்டு, ஒரு நாள் அந்த வேலையை உதறிவிட்டுச் சாயத்தொட்டியில் கைவிட்ட மனிதர் அவர். சர்க்கார் சம்பளம் மாதிரி மாதாமாதம் வருகிற பணத்தை விட்டுவிட்டுச் சுங்குடிச் சேலைக்குச் சாயம் போட வந்தவரைப் பார்த்துத் தெருவே தலையில் அடித்துக்கொண்டது. அவருடைய மனைவி நாகமணி மட்டும் அப்படி அடித்துக்கொள்ளவில்லை. அவளுக்குக் கீழே அப்போதே பத்துப் பன்னிரண்டு பெண்கள் முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்கள்.

சுங்குடி என்றால் துணியை விரல் நுனியில் கிள்ளி, நூலால் இறுகச் சுற்றி, கடுகு கடுகாக முடிச்சுப் போடுவது. ஒரு சேலைக்கு ஆயிரக்கணக்கில் முடிச்சு விழும். பிறகு சாயத்தில் முக்குவார்கள். முடிச்சுக்குள் சாயம் புகாது. அவிழ்த்தால் அரக்குச் சிவப்பில் வெள்ளைப் புள்ளிகள் பூத்துக் கிடக்கும். முடிச்சுப் போட்ட சேலையைப் பார்த்தால் சேலை என்றே தோன்றாது. சுருங்கிச் சுருங்கி, பாகற்காய்த் தோல் மாதிரி ஒரு சுருணையாக இருக்கும்.

1927-ஆம் வருஷம் அது. அதுவரை துளசிராம் தன் சேலைகளை ஊரிலிருந்த கமிஷன் வியாபாரிகளிடம்தான் போட்டுக்கொண்டிருந்தார். அவர்கள் அதை எங்கே விற்றார்கள், யார் உடுத்தினார்கள் என்பது அவருக்குத் தெரியாது. அது அவருக்கு உறுத்தலாகவே இருந்தது. கூட்ஸ் ஷெட்டில் இருந்தபோது கொழும்புக்குப் போகிற ஜவுளிக் கட்டுகளைப் பார்த்துப் பழகியவர். கட்டின் மேல் எழுதியிருந்த கம்பெனிப் பெயர்கள் மனப்பாடம். அவற்றில் ஒன்றுக்கு, கொழும்புக் கடைவீதியான புறக்கோட்டையில் மொத்த வியாபாரம் செய்த ஒரு கம்பெனிக்கு, இரண்டு மாதிரிச் சேலைகளை அனுப்பிவைத்து, தன் சொந்த இங்கிலீஷில் ஒரு கடிதமும் எழுதிப் போட்டார்.

நாலு மாதம் பதிலில்லை. பிறகு ஒரு நாள் தபால்காரர் தடித்த உறை ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார்.

உள்ளே ஆர்டர். முப்பது டஜன் சேலை, மூன்று தவணையாக. அரக்கும் கருநீலமும் பாதிப் பாதி. மதுரை ஸ்டேஷனில் சரக்கைப் புக் செய்து ரசீதை அனுப்பினால் போதும். விலை, கமிஷன் வியாபாரி கொடுத்ததைவிடத் தாராளம். மேலே அச்சில் கம்பெனிப் பெயர், கீழே டைப் அடித்து, 'மதுரை துளசிராம் அவர்களுக்கு'. இரண்டு பிரதிகள். ஒன்றில் கையெழுத்துப் போட்டுத் திருப்பி அனுப்பினால் ஆர்டரை ஏற்றுக்கொண்டதாக அர்த்தம். மாதம் முடிவதற்குள் ஏற்பு வந்து சேராவிட்டால் ஆர்டர் வேறு ஆளுக்குப் போய்விடும் என்றும் எழுதியிருந்தது.

துளசிராம் அதை வாசலிலேயே நின்று படித்தார். உள்ளே வந்து நாகமணிக்குப் படித்துக் காட்டினார். வீட்டில் அவர்கள் பேசுவது சௌராஷ்டிர மொழி. ஆர்டரில் இருந்த ஒவ்வொரு வரியையும் அந்த மொழியில் மாற்றி, கையை வீசி வீசி அவர் சொல்லச் சொல்ல, முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டார்கள். முப்பது டஜன் என்றால் அந்த முற்றத்தில் இருக்கிற கைகள் போதாது. அடுத்த தெருப் பெண்களையும் கூப்பிட வேண்டும். யார் யாரைக் கூப்பிடலாம் என்று அப்போதே பேச்சு கிளம்பிவிட்டது.

அன்றைக்கே கையெழுத்துப் போட்டிருப்பார். ஆனால் துணி வேண்டுமே. நாகமணியின் அண்ணன் ராதாகிருஷ்ணன் தெப்பக்குளத்துப் பக்கம் தறி வைத்து நெய்து கொடுத்துவந்தார். அவரால் இத்தனை துணி தர முடியுமா என்று கேட்டுவிட்டுக் கையெழுத்துப் போடலாம் என்று, ஆர்டரை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு ஓடினார்.

ராதாகிருஷ்ணன் நிதானமான ஆள். விஷயத்தைக் கேட்டதும் அவருக்கும் முகம் மலர்ந்துவிட்டது. இன்னும் இரண்டு தறிக்காரர்களைச் சேர்த்துக்கொண்டால் முடியும் என்றார். பாவு ஓடுவதற்கு நூல் வாங்க வேண்டும், உடனே சொல்லு என்றார். பிறகு சாதாரணமாக ஒரு கேள்வி கேட்டார்.

"சேலைக்கு எத்தனை கஜம் மாப்ள?"

"எட்டு," என்று சொல்ல வாயைத் திறந்தவர் அப்படியே நின்றுவிட்டார்.

ஆர்டரை வெளியே எடுத்தார். ஆறாவது நிபந்தனை, சேலைகளை முடிச்சு அவிழ்க்காமல் அனுப்ப வேண்டும் என்றது. அது புரிந்தது. அச்சு அடித்துப் புள்ளி வைத்த போலிச் சேலைகள் சந்தையில் வரத் தொடங்கியிருந்தன. முடிச்சோடு விற்றால் யாரும் சந்தேகப்பட மாட்டார்கள். ஏழாவது நிபந்தனை இப்படி இருந்தது: 'நீளம் எட்டுக் கஜம், ஒப்படைக்கும் நிலையில். குறைந்தவை விற்றவர் செலவில் திருப்பி அனுப்பப்படும்.'

ஒப்படைக்கும் நிலை எது? முடிச்சோடு சுருங்கிக் கிடக்கும் நிலையா? அப்படியானால் எட்டுக் கஜச் சேலை ஏழுகூட இராது. முடிச்சோடு எட்டு வர வேண்டுமென்றால் ஒன்பதுக்கும் மேலே நெய்ய வேண்டும். அந்த விலைக்கு அது கட்டாது. நூலிலேயே லாபம் முழுவதும் போய்விடும். இல்லை, உடுத்துகிறவள் அவிழ்த்த பிறகு எட்டு இருந்தால் போதும் என்றால், எட்டேகால் நெய்தால் சரியாக இருக்கும். அவிழ்த்த துணி பழைய நீளத்துக்கு முழுசாகத் திரும்பாது, கொஞ்சம் சுருக்கம் தங்கிவிடும், அதற்காக அந்தக் கால் கஜம்.

ராதாகிருஷ்ணன் இதையெல்லாம் கேட்டுவிட்டு, கையெழுத்தைப் போட்டு அனுப்பு, பிறகு எழுதிக் கேட்டுக்கொள்ளலாம் என்றார். கொழும்புக்காரன் ஒவ்வொரு சேலையையுமா அளந்துகொண்டிருப்பான் என்றும் கேட்டார்.

துளசிராம் தலையை ஆட்டினார். "மச்சான், நான் கூட்ஸ் ஷெட்டுல இருந்தவன். சரக்கு போற வரைக்கும் தாளை ஒருத்தனும் படிக்க மாட்டான். சரக்கு கெட்டுப்போனா அன்னைக்குத்தான் எல்லாரும் படிப்பாங்க. அப்ப படிச்சு என்ன பண்றது? கையெழுத்து உள்ள போயிருச்சே."

அவர் அதைக் கண்ணால் பார்த்தவர். சொந்தப் பொறுப்பில் சரக்கை அனுப்புவதாக ஒரு ரிஸ்க் நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, மூட்டை நனைந்து வந்த பிறகு கவுண்டரில் நின்று கத்திய வியாபாரிகள் எத்தனையோ பேர். கத்தினவர்களுக்கெல்லாம் அவர்தான் அந்தத் தாளை எடுத்துக் காட்டியிருக்கிறார்.

கேட்டுவிடுவது என்று முடிவு செய்தார். கடிதம் போட்டால் போய் வருவதற்குள் மாதம் முடிந்துவிடும். தந்திதான். மறுநாள் காலை தபாலாபீஸில் தந்திக் கவுண்டருக்கு முன்னால் நின்று, சொல்லுக்குச் சொல் கட்டணம் என்பதால் அடித்து அடித்துக் குறைத்து, இப்படி எழுதினார்: 'ஏழாம் நிபந்தனை. எட்டுக் கஜம் முடிச்சோடா அவிழ்த்தா.' பதிலுக்கான கட்டணத்தையும் சேர்த்துக் கட்டினார்.

அன்று முழுவதும் அவரால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. சாயத்தொட்டியைக் கிளறினார், வாசலுக்கு வந்தார், திரும்பப் போனார். மறுநாள் மத்தியானம் பதில் வந்தது. தெருவில் பாதிப்பேர் தந்திச் சேவகனுக்குப் பின்னாலேயே வந்துவிட்டார்கள்.

'எட்டுக் கஜம் டெலிவரி முடிச்சோடு ஆர்டர்படி.'

துளசிராம் படித்தார். மறுபடி படித்தார். வந்திருந்த ராதாகிருஷ்ணன், அதுதான் சொல்லிவிட்டானே, எட்டுக் கஜம், முடிச்சோடு, நமக்குக் கட்டாது, விட்டுவிடு என்றார். துளசிராம் அந்தத் தாளை அவர் முகத்துக்கு நேரே பிடித்தார். எட்டுக் கஜம் என்பது ஒன்று, டெலிவரி முடிச்சோடு என்பது இன்னொன்று என்றும் படிக்கலாமே என்றார். அப்படிப் படித்தால் இவர் கேட்ட கேள்விக்குப் பதிலே இல்லை, ஆர்டரில் இருந்ததையே திருப்பிச் சொல்லியிருக்கிறார்கள். இரண்டு பேரும் அதை இரண்டு விதமாகப் படித்துப் படித்து, கடைசியில் இரண்டுமே சரி என்று தோன்றியது.

நாகமணி அதுவரை ஒரு முடிச்சைப் பல்லால் கடித்து இறுக்கிக்கொண்டிருந்தாள். நூலைத் துண்டித்துவிட்டுத் தலையை உயர்த்தினாள்.

"நீங்க கேட்டதே தப்பு," என்றாள். "முடிச்சோடயான்னு கேட்டா, சேலை முடிச்சோட வேணுமான்னுதான் கேக்குறீங்கன்னு நினைச்சிருப்பாங்க. அளக்குறது எப்பன்னு கேளுங்க."

துளசிராமுக்கு அது சுருக்கென்று பட்டது. சிரிப்பும் வந்தது. உடனே உட்கார்ந்து புதுத் தந்தி எழுதினார். இந்த முறை சொல்லுக்குக் கணக்குப் பார்க்கவில்லை. 'நீளம் அளப்பது முடிச்சு அவிழ்ப்பதற்கு முன்பா பின்பா. முன்பென்றால் இந்த விலை போதாது. பின்பென்றால் ஏற்கத் தயார். முன் அல்லது பின் என்று மட்டும் பதில் தரவும்.' இதில் வேறு மாதிரிப் படிக்க இடமே இல்லை என்று வாசித்து வாசித்துப் பார்த்துக்கொண்டார். ஆர்டர் மட்டும் கையெழுத்தில்லாமல் அவர் சட்டைப்பையிலேயே இருந்தது. மாதம் முடியப்போகிறது. ஊரில் பெரிய கமிஷன் வியாபாரி ஒருவர், கொழும்பு ஆர்டரைத் தான் வாங்கிக்கொள்ளத் தயார் என்று சொல்லியனுப்பியும் விட்டார்.

வந்த பதில் முன்பும் இல்லை, பின்பும் இல்லை.

'பங்குதாரர் காசிம் மரைக்காயர் புதன்கிழமை போட் மெயிலில் மதறாஸ் போகிறார். மதுரைப் பிளாட்பாரத்தில் காணவும்.'

வீடு ஒரே அமளியானது. புதன்கிழமை என்றால் நாளைக்கு. போட் மெயில் தனுஷ்கோடியிலிருந்து வந்து, பொழுது சாயும் நேரத்தில் மதுரையில் நிற்கும். இஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்கிற நேரம்தான் கையில். அதற்குள் ஆளைக் கண்டுபிடித்து, விஷயத்தைச் சொல்லி, முடிவையும் வாங்க வேண்டும். வாயால் சொன்னால் தீராது, காட்ட வேண்டும் என்றார் துளசிராம். எட்டேகால் கஜத்தில் நெய்து, முடிச்சுப் போட்டு, சாயமேற்றிக் காய்ந்துகிடந்த ஓர் அரக்குச் சேலை வீட்டில் இருந்தது. அதை எடுத்துக்கொண்டுபோய் அவர் கண்முன்னாலேயே அவிழ்த்து அளந்து காட்டுவது என்று தீர்மானித்தார்.

"அவிழ்க்கிறது யாரு?" என்று கேட்டாள் நாகமணி.

"நான்தான்."

"கிழிச்சுப்புடுவீங்க. நான் வாரேன்."

ஸ்டேஷன் பிளாட்பாரத்தில், அத்தனை ஆண்கள் நடுவில், வியாபாரப் பேச்சுக்கு ஒரு பெண் போவது அந்தத் தெருவில் அதுவரை நடக்காத காரியம். ராதாகிருஷ்ணன் முகத்தைச் சுளித்தார். ஆனால் அவள் சொன்னதில் தப்பில்லை. முடிச்சை ஒவ்வொன்றாக அவிழ்ப்பதில்லை. இரண்டு பேர் துணியை மூலைவாட்டில் பிடித்து, ஒரு பதமாகச் சுண்டி இழுத்தால் நூல் தானாகத் தெறித்துவிடும். பதம் தெரியாமல் இழுத்தால் துணி பொத்தலாகிவிடும். நாகமணிக்கு அந்தப் பதம் தெரியும். துளசிராமுக்கு இங்கிலீஷ் தெரியும், நிதானம் தெரியாது.

புதன்கிழமை மாலை உசிலம்பட்டிப் பக்கத்து ஆளான மொக்கையனின் ஜட்காவில் புறப்பட்டார்கள். சேலைச் சுருணை நாகமணியின் மடியில் இருந்தது. துளசிராம் கையில் சர்க்கார் முத்திரை குத்திய இரும்புக் கஜக்கோல். சட்டைப்பையில் ஆர்டர், பவுண்டன் பேனா. வழியில் மொக்கையன் விஷயத்தைக் கேட்டுத் தெரிந்துகொண்டான். அவனுக்கும் சூடு பிடித்துவிட்டது.

"ரயிலு எம்புட்டு நேரம்ணே நிக்கும்?" என்று கேட்டான். கொஞ்ச நேரம்தான் என்று தெரிந்ததும் குதிரையைத் தட்டிவிட்டான். ஸ்டேஷன் வாசலில் வண்டியை இன்னொரு ஜட்காக்காரனிடம் ஒப்படைத்துவிட்டு அவனும் உள்ளே வந்துவிட்டான். துளசிராமைப் பழைய பழக்கத்தில் தெரிந்த டிக்கெட் கலெக்டர் மூன்று பேரையும் தடுக்காமல் விட்டார்.

தூரத்தில் விசில் கேட்டது. புகையைக் கக்கிக்கொண்டு போட் மெயில் உள்ளே வந்தது. பிளாட்பாரம் முழுக்கப் போர்ட்டர்கள், காபிக்காரர்கள், வெற்றிலைக்காரர்கள். துளசிராம் இரண்டாம் வகுப்புப் பெட்டிகளை ஒட்டியே ஓடினார். ஒரு ஜன்னலில் துருக்கித் தொப்பி போட்ட, நரைத்த தாடிக்காரர் ஒருவர் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"மரைக்காயர் ஐயாவா?"

"தந்தி மேல தந்தியா அடிச்ச ஆளு நீங்கதானா?" என்றபடி அவர் இறங்கி வந்தார். முகத்தில் கோபமில்லை, ஆனால் அவசரமிருந்தது. மதறாஸில் இருந்துகொண்டு வேறு ஜவுளிகள் வாங்க வேண்டிய வேலை அவருக்கு இருந்தது.

துளசிராம் மூச்சுவிடாமல் விஷயத்தைச் சொன்னார். ஆறாம் நிபந்தனை, ஏழாம் நிபந்தனை, இரண்டையும் சேர்த்துப் படித்தால் வருகிற இரண்டு அர்த்தம், ஒவ்வொன்றுக்கும் ஆகிற துணி. மரைக்காயர் ஆர்டரை வாங்கிக் கண்ணருகே பிடித்துப் படித்தார். தாடியைத் தடவினார்.

போன வருஷம் வேறொருவரிடம் வாங்கிய சுங்குடிகளை அவிழ்த்துப் பார்த்தபோது ஏழரைக் கஜம்தான் இருந்ததாம். வாங்கிய பெண்கள் கடைக்கே வந்து சண்டை போட்டார்களாம். அதனால்தான் எட்டுக் கஜம் என்று ஒரு நிபந்தனை போடச் சொன்னாராம்.

"என் மனசுல இருந்தது அவிழ்த்த அளவு," என்றார். "எழுதினவன் ஒப்படைக்கும் நிலையில்னு எழுதிட்டான். கிடங்குல அளக்குற ஆளுக்கு இந்தத் தாளுதான் பேச்சு. வந்த நிலையில கஜக்கோலை வைப்பான்."

"அப்ப நான் கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தா?"

மரைக்காயர் ஆர்டரைத் திருப்பிக் கொடுத்தார். "எல்லாம் திரும்பி வந்திருக்கும். உங்க செலவுல. நானும் ஊர்ல இருந்திருக்க மாட்டேன்."

முப்பது டஜன் சேலை, இத்தனை பெண்களின் விரல்கள், மூன்று தறிக்காரர்களின் நூல், எல்லாம் இரண்டு வார்த்தையில் தொங்கிக்கொண்டிருந்திருக்கிறது.

ஆனால் மரைக்காயர் முடித்துவிடவில்லை. அவருக்கு வேறொரு சிக்கல் தெரிந்தது. அவிழ்த்த அளவு என்று வைத்துக்கொண்டால் கிடங்கில் எப்படிப் பார்ப்பது? எல்லாவற்றையும் அவிழ்த்தால் முடிச்சோடு விற்க முடியாது. அவிழ்க்காமல் வாங்கினால் போன வருஷக் கதைதான் மறுபடி.

நாகமணி கணவனிடம் தாழ்ந்த குரலில் சௌராஷ்டிர மொழியில் ஏதோ சொன்னாள். துளசிராம் அதைத் தமிழில் சொன்னார். ஒரு கட்டுக்கு ஒரு சேலை. எது என்று வாங்குகிறவரே எடுத்துக்கொள்ளட்டும். அதை அவிழ்த்து அளக்கட்டும். அது எட்டு இருந்தால் கட்டு சரி. குறைந்தால் கட்டு முழுவதும் திரும்பட்டும்.

மரைக்காயர் நாகமணியைத் திரும்பிப் பார்த்தார். "அம்மாதான் முடிச்சுப் போடுறாங்களா?" என்று கேட்டார். ஆமாம் என்று தெரிந்ததும், "அப்ப அவிழ்த்துக் காட்டச் சொல்லுங்க. எட்டு வருதான்னு நானும் பாக்குறேன்," என்றார்.

நாகமணி ஒரு மூலையைப் பிடித்துக்கொண்டாள். எதிர்மூலைக்கு ஆள் வேண்டுமே. மொக்கையன் தோளிலிருந்த துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு முன்னால் வந்தான். குதிரைக் கடிவாளம் பிடிக்கிற கைக்கு இழுப்பு என்றால் என்னவென்று தெரியும். அவள் சொன்னபடி, சுண்டு என்றால் சுண்டினான், விடு என்றால் விட்டான்.

முதல் இழுப்பிலேயே பொடபொடவென்று முடிச்சுகள் தெறித்தன. மழைத்தூறல் ஓலையில் விழுகிற மாதிரிச் சத்தம். நூல்துணுக்குகள் பிளாட்பாரத்தில் சிதறின. சுருங்கிக்கிடந்த அரக்குத் துணி அகல அகல, உள்ளிருந்து வெள்ளைப் புள்ளிகள் கொத்துக்கொத்தாக வெளியே வந்தன. பெட்டி ஜன்னல்களில் தலைகள் எட்டிப்பார்த்தன. காபிக்காரன் கூவுவதை நிறுத்திவிட்டான். மரைக்காயரின் பெட்டியிலிருந்த ஒரு வெள்ளைக்காரர்கூட எழுந்து வந்து கதவோரம் நின்றார். சேலை நீள நீள, நாகமணி பின்னால் நகர்ந்துகொண்டே போனாள். கூட்டம் அவளுக்கு வழிவிட்டது. அவள் முகத்தில் கூச்சம் ஒரு துளி இல்லை. அடுத்த இழுப்பு எந்த மூலையிலிருந்து என்பதைத் தவிர வேறெதுவும் அவள் கண்ணில் படவில்லை.

கடைசி முடிச்சும் தெறித்ததும் சேலையை ஒரு பெஞ்சின் மேல் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி நீட்டினார்கள். மரைக்காயர் கஜக்கோலைத் தானே வாங்கிக்கொண்டார். ஒன்று, இரண்டு என்று வாய்விட்டு எண்ணி அளந்தார். எட்டேகால் நெய்தால் எட்டு வரும் என்பது வீட்டில் அவிழ்த்து அளந்து பார்த்துத் துளசிராம் கண்ட கணக்கு. இந்தச் சேலை அந்தக் கணக்குக்கு அடங்காமல் போனால்?

எட்டு முடிந்து, துணி இன்னும் மிச்சமிருந்தது. மரைக்காயர் விரலை வைத்துப் பார்த்தார். நாலு விரல்.

"நனைச்சா குறையுமே," என்றார்.

"அதுக்குத்தான் அந்த நாலு விரல்," என்றாள் நாகமணி. அவள் நேராக அவரிடம் தமிழில் பேசியது அப்போதுதான்.

அதே நேரத்தில் முதல் மணி அடித்தது. துளசிராம் பெஞ்சின் மேலேயே ஆர்டரின் இரண்டு பிரதிகளையும் விரித்தார். ஏழாம் நிபந்தனைக்கு நேரே, ஓரத்தில், இங்கிலீஷில் எழுதினார். எழுதுவதைத் தமிழிலும் சொல்லிக்கொண்டே போனார்: "நீளம் எட்டுக் கஜம் என்பது முடிச்சு அவிழ்த்து, கையால் இழுத்து, நனைக்காமல் அளந்த நீளம். கட்டுக்கு ஒரு சேலை, வாங்குபவர் பொறுக்கியது, அளக்கப்படும்." முடிச்சோடு அளப்பதில்லை என்று இன்னொரு வரியும் சேர்த்தார். மரைக்காயர் அதைப் படித்தார். ஒரு கட்டில் எத்தனை சேலை என்று கேட்டார். ஒரு டஜன் என்று துளசிராம் அதையும் எழுதினார். மரைக்காயர் இரண்டு பிரதியிலும் அந்த வரிகளின் பக்கத்தில் தன் கையெழுத்தைப் போட்டார்.

அதன் பிறகுதான், எல்லாவற்றுக்கும் பிறகு, துளசிராம் கீழே ஏற்றுக்கொண்டேன் என்ற இடத்தில் தன் பெயரை எழுதினார். அவசரத்தில் ஒரு சொட்டு மை பெயரின் மேலேயே விழுந்தது.

கார்டு பச்சைக் கொடியை அசைத்தார். மரைக்காயர் பெட்டியில் ஏறினார். துளசிராம் ஒரு பிரதியை ஜன்னல் வழியாக நீட்டினார். வண்டி நகர ஆரம்பித்துவிட்டது. மரைக்காயர் கையை நீட்டி, "அந்தச் சேலை," என்று ஏதோ சொன்னது இரைச்சலில் பாதிதான் கேட்டது. மொக்கையனுக்கு அது போதும். பெஞ்சிலிருந்த சேலையை அள்ளிச் சுருட்டிக்கொண்டு பெட்டியோடு ஓடினான். முந்தானை தரையில் இழுபட, பின்னால் ஒரு போர்ட்டர் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓட, பிளாட்பாரம் முடிகிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால் அது ஜன்னலுக்குள் போய்ச் சேர்ந்தது.

அந்தச் சேலையை மரைக்காயர் கடை மாதிரிக்காகக் கேட்டாரா, வீட்டுக்காகக் கேட்டாரா என்று யாருக்கும் தெரியவில்லை. ஒரு வாரம் கழித்து மதறாஸிலிருந்து சேலைக்கான விலை மணியார்டரில் வந்தது.

அன்று வீடு திரும்பும்போது துளசிராம் ஜட்காவில் உட்காரவே இல்லை. பின்படியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றபடியே வந்தார். ராதாகிருஷ்ணன் வாசலில் காத்திருந்தார்.

"எட்டேகால், மச்சான்," என்றார் துளசிராம், வண்டி நிற்பதற்கு முன்பே. "பாவு போடுங்க."

மறுநாள் விடிந்ததும் தெருவில் ஆரம்பித்த வேலை மழைக்காலம் வரை ஓயவில்லை. நாகமணி தன் முற்றத்துப் பெண்களோடு அடுத்த இரண்டு தெருக்களிலிருந்தும் ஆட்களைச் சேர்த்தாள். முடிச்சின் நெருக்கம் ஒன்றாக இருந்தால்தான் அளவும் ஒன்றாக வரும் என்று ஒவ்வொருத்தியின் விரலையும் பிடித்துப் பார்த்து வேலை கொடுத்தாள். ஒவ்வொரு கட்டு கட்டும்போதும் ஒரு சேலையைக் கண்ணை மூடிக்கொண்டு உருவி, அவிழ்த்து அளந்து பார்த்தாள். அது சரியாக இருந்தால் அதன் இடத்தில் முடிச்சோடு வேறொன்றை வைத்தாள்; குறைந்தால் கட்டைப் பிரித்து எல்லாவற்றையும் மறுபடி பார்த்தாள். ஒரு முறை அப்படி இரண்டு சேலைகள் சிக்கின. ஒரு தறியில் துணியை வெட்டியவன் அரைச் சாண் தப்பு செய்திருந்தான்.

முதல் தவணை போனபோது மொக்கையன்தான் மாட்டுவண்டி பிடித்து வந்தான். கூட்ஸ் ஷெட்டில் பழைய சிநேகிதன் ஒருவன் ரசீது எழுத உட்கார்ந்தான். அனுப்புகிறவர் பெயர் என்ன என்று தலைநிமிராமலே கேட்டான். துளசிராம் தன் பெயரைச் சொன்னார். அவன் நிமிர்ந்து பார்த்து, பேனாவை வைத்துவிட்டு எழுந்து வந்து கட்டிக்கொண்டான்.

கொழும்பிலிருந்து கடிதம் வந்தது. கிடங்கு ஆள் முதல் கட்டைப் பிரித்ததும் முடிச்சோடு கஜக்கோலை வைத்து, எல்லாம் குறைச்சல் என்று தனியே ஒதுக்கிவிட்டானாம். பிறகு ஆர்டரின் ஓரத்தில் மரைக்காயர் கையெழுத்தோடு இருந்த வரிகளைக் காட்டியிருக்கிறார்கள். ஒன்றை உருவி அவிழ்த்து அளந்திருக்கிறான். சரியாக இருந்ததாம். கடிதத்தின் கீழே மரைக்காயர் தன் கையாலேயே எழுதியிருந்தார்: மிச்சத்தையும் சீக்கிரம் அனுப்புங்கள், பெருநாளுக்குள் வேண்டும், அடுத்த ஆர்டர் அறுபது டஜனாக இருக்கும்.

துளசிராம் அதைப் படித்துவிட்டுத் தெருவில் இறங்கி, எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் அறுபது அறுபது என்று சொல்லிக்கொண்டே தெப்பக்குளத்தை நோக்கி ஓடினார். நாகமணி வாசலுக்கு வந்து அவரைக் கூப்பிட்டுப் பார்த்தாள். அவர் திரும்புவதாக இல்லை. உள்ளே போய், முற்றத்தில் உட்கார்ந்திருந்த பெண்களிடம், இன்னும் எத்தனை பேரைக் கூட்டிவர முடியும் என்று கேட்டாள்.